எஃப்டி, சீட்டு, மாசம் பத்து வட்டி ஸ்கீம்: வர்ற பணம் யாரோடது?

கையில ஒரு லட்சம் இருக்கு. பேங்க் எஃப்டில போட்டா வருஷத்துக்கே 7% பக்கம்தான் வருது, சீட்டுல போட்டா எப்படி எடுக்கிறோம்ங்கிறத பொறுத்து அதைவிட கொஞ்சம் கூடவோ குறையவோ வரும், மூணாவதா தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் வந்து மாசம் 10 ஆயிரம் கேரன்டி, 12 மாசம் வட்டி வாங்கிட்டு அசலையும் அப்படியே திருப்பி வாங்கிக்கலாம்னு சொல்றாரு. நிறைய பேர் எவ்வளவு வருதுன்னு மட்டும் பாக்குறாங்க. நான் மூணுலயும் ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன், அந்த வட்டிப் பணம் எவன் பாக்கெட்ல இருந்து வருது?

எஃப்டில பதில் ரொம்ப சிம்பிள். நீங்க போட்ட பணத்தை பேங்க் வீட்டுக்கடன், வண்டிக்கடன், பிசினஸ் லோன்னு கூடுதல் வட்டிக்கு விடுது, வாங்குனவங்க மாசாமாசம் ஈஎம்ஐ கட்டுறாங்க, அதுல ஒரு பங்கு உங்களுக்கு. நாளைக்கு புது ஆள் யாருமே எஃப்டி போடலைன்னாலும் ஈஎம்ஐ வந்துட்டேதான் இருக்கும். பேங்கே மூழ்கினாலும் ஒரு பேங்க்ல ஒரு ஆளுக்கு வட்டியும் அசலும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு.

சீட்டுல பதில் இன்னும் கண்ணுக்கு முன்னாடி தெரியும். 20 பேர், மாசம் 5 ஆயிரம், ஒரு லட்ச ரூபா சீட்டுன்னு வைங்க. ஏலத்துல ஒருத்தர் அவசரத்துக்கு 30 ஆயிரம் தள்ளி 70 ஆயிரத்துக்கு எடுக்குறாரு. அந்த 30ல 5 ஆயிரம் சீட்டு நடத்துறவருக்கு கமிஷன், மீதி 25 ஆயிரத்தை 20 பேருக்கும் பிரிச்சா தலைக்கு 1,250, அதனால அந்த மாசம் நீங்க 3,750 கட்டினா போதும். உங்க லாபம் முழுக்க அந்த தள்ளுன ஆளோட காசு, அவரும் தெரிஞ்சேதான் கொடுக்குறாரு. முக்கியமான விஷயம், 20 மாசம் முடியிற வரைக்கும் அதே 20 பேர்தான், இருபத்தியோராவது ஆள் தேவையே இல்ல. சீட்டுல ரிஸ்க் இல்லன்னு நான் சொல்லல, எடுத்தவர் கட்டாம விடலாம், பதிவு பண்ணாத சீட்டா இருந்தா நடத்துறவரே ஓடிப்போகலாம். ஆனா அது மனுஷன் ஏமாத்துற ரிஸ்க், கணக்கு ஒழுங்காதான் இருக்கு.

மூணாவதுக்கு வருவோம், இங்கதான் நிதானமா கணக்கு போடணும். முதல் மாசம் 100 பேர் தலைக்கு ஒரு லட்சம் போடுறாங்க, ஒரு கோடி. ஏஜென்ட் கமிஷன் 5% போக கையில 95 லட்சம். கம்பெனி எந்தத் தொழிலும் பண்ணல, பணத்தை பீரோல வச்சிருக்குன்னே வைங்க. மாசம் 10 லட்சம் வட்டி கொடுக்கணும். புதுசா ஒருத்தர்கூட சேராமலேயே ஒன்பது மாசம் டாண்ணு வட்டி கொடுக்கலாம், மிச்சம் 5 லட்சமும் இருக்கும். "எனக்கு ஆறு மாசமா கரெக்டா வருதுங்க, ஒரு நாள்கூட லேட் ஆனதில்ல"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல, ஆனா அவங்களுக்கு வந்தது அவங்களோட சொந்தப் பணம்தான், அதை வட்டின்னு பேர் போட்டு திருப்பிக் கொடுத்திருக்காங்க. கரெக்டா வர்றது எதையும் நிரூபிக்காது.

இப்ப மாசாமாசம் புதுசா 100 பேர் சேர்றாங்கன்னு வைப்போம். வரவு எப்பவும் அதே 95 லட்சம், ஆனா வட்டி மாசத்துக்கு 10 லட்சம் ஏறிக்கிட்டே போகும். பத்தாவது மாசம் வட்டி 90 லட்சம், கையிருப்பு 5 கோடி. இந்த நேரத்துலதான் புது ஆபீஸ், பெரிய விளம்பரம், ஹோட்டல்ல மீட்டிங் எல்லாம் நடக்கும், பாக்குறவங்களுக்கு கம்பெனி உச்சத்துல இருக்குன்னு தோணும். பதினோராவது மாசம் வட்டி ஒரு கோடி, வரவைத் தாண்டிருச்சு, அதுக்கப்புறம் கையிருப்பு இறங்க ஆரம்பிக்குது. 13வது மாசம் முதல் 100 பேரோட அசல் ஒரு கோடியும் சேர்ந்து வந்து நிக்கும், அங்கிருந்து மாசம் 1 கோடியே 25 லட்சம் குறையுது. 16வது மாசம் கையில மொத்தமே 2 கோடி, கொடுக்க வேண்டியது 2 கோடியே 20 லட்சம். முடிஞ்சது. அதுவரைக்கும் அசலை முழுசா வாங்கினவங்க 300 பேர், அசல் நிக்கிறவங்க 1,300 பேர், அவங்களுக்கு வர வேண்டியது 13 கோடி. நடத்துனவன் தனக்குன்னு ஒரு ரூபாகூட எடுக்கல, கார் வாங்கல, இடம் வாங்கலன்னு வச்சு போட்ட கணக்கு இது.

இதுக்காகத்தான் அசல் முதிர்ற நேரத்துல ஏஜென்ட் போன் போட்டு "எடுக்காதீங்க, ரினியூ பண்ணுங்க, உங்களுக்கு மட்டும் கூட தர்றோம்"னு கெஞ்சுவாங்க. கூட எதுவும் தராம, அதே வட்டிக்கே எல்லாருமே ரினியூ பண்ணாலும், அதுக்கு ஏஜென்ட் கமிஷனே இல்லன்னாலும், அதே கணக்குல 20வது மாசம் கையிருப்பு சரியா பூஜ்யம், 21ல வட்டி 2 கோடி வேணும், வரவு 95 லட்சம். அஞ்சு மாசம்தான் கூடுதலா கிடைச்சது, ஆனா மாட்டிக்கிட்ட அசல் 13 கோடியில இருந்து 21 கோடி ஆயிருச்சு.

சாகாம இருக்கணும்னா சேர்ற ஆட்களோட எண்ணிக்கை மாசாமாசம் 11% வளரணும், கேக்க சின்னதா இருக்கு, ஆனா அது வருஷத்துக்கு மூன்றரை மடங்கு. 100 பேர்ல ஆரம்பிச்சா அஞ்சு வருஷம் கழிச்சு ஒரே மாசத்துல 52 ஆயிரம் பேர் புதுசா சேரணும், ஒன்பது வருஷம் முடிஞ்ச அடுத்த மாசமே மொத்தம் சேர்ந்தவங்க ஏழரை கோடியைத் தாண்டிருவாங்க. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7.21 கோடி, கைக்குழந்தையும் சேர்த்து.

பத்து வட்டிக்கே இந்த கதி. சென்னையில ஆருத்ரா கோல்டு 25ல இருந்து 30 வட்டி சொல்லுச்சு, ஒரு லட்சத்துக்கு மேல ஆட்கள், 2,438 கோடி ரூபாய்னு பொருளாதார குற்றப்பிரிவு கணக்கு, 2022 மே மாசம் ரெய்டு. அவ்வளவு பணத்துக்கும் 25 வட்டின்னா மாசம் 609 கோடி கொடுக்கணும். தங்கத் தொழில், நகைக்கடன்னு காரணம் சொன்னா, நகையை அடகு வைக்கிறவர் ஒரு வட்டி, ரெண்டு வட்டி கட்டுறாரு. கந்து வட்டிக்காரனே பத்து வட்டி கேட்டா ஊர் திட்டுது, அதுக்கு 2003லயே தடைச் சட்டம் போட்டாச்சு. அப்போ 25 வட்டிக்கு மேல கட்டி கடன் வாங்குற ஆள் யாரு? அப்படி ஒரு தொழில் நிஜமாவே இருந்தா ஓனர் வருஷம் 12%க்கு பேங்க்ல லோன் எடுத்திருப்பாரே, உங்ககிட்ட மாசம் 25% கொடுத்து எதுக்கு வாங்கணும்?

ஏஜென்ட்கிட்ட "இன்னைல இருந்து புதுசா யாருமே சேரலைன்னா எனக்கு எத்தனை மாசம் வரும், எந்த வருமானத்துல இருந்து வரும்?"னு கேளுங்க. பேங்க் மேனேஜரும் பதிவு பண்ண சீட்டு கம்பெனிக்காரரும் இதுக்கு பதில் சொல்லிருவாங்க. பின்தேதி போட்ட செக், ஸ்டாம்ப் பேப்பர்ல பாண்ட் எல்லாம் நீட்டுனா நம்பாதீங்க, அக்கவுண்ட்ல பணம் இருந்தாதான் செக் பாஸ் ஆகும். டெபாசிட் வாங்க அனுமதி இருக்கான்னு ரிசர்வ் பேங்கோட sachet.rbi.org.in சைட்ல பாக்கலாம், சீட்டுன்னா பதிவாளர் கொடுத்த அனுமதியைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

ஏற்கனவே போட்டவங்களுக்கு, முதிர்வு தேதி வந்தா ரினியூ பண்ணாம அசலை கேளுங்க, வட்டி வருதேன்னு அண்ணனையும் மச்சானையும் சேர்த்து விடாதீங்க. ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், ஏஜென்டோட வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வைங்க, "சர்வர் பிரச்சனை, அடுத்த வாரம் வந்துரும்"னு ரெண்டாவது தடவை சொன்னாங்கன்னா மூணாவது தடவைக்கு காத்திருக்காம பொருளாதார குற்றப்பிரிவுல எழுத்து மூலமா புகார் கொடுத்துருங்க.