9 லட்சம் பணிக்கொடையும் நான்கு வழிகளும்: ஓர் ஒப்பீடு

கோவை நூற்பாலை ஒன்றில் 30 ஆண்டுகள் வேலை பார்த்த என் அக்காவின் கணவர் 58 வயதில் ஓய்வு பெற்றார். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து அவருடைய கடைசி மாதச் சம்பளம் 52,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கும் சட்டக் கணக்குப்படி, 9 லட்சம் ரூபாய் பணிக்கொடையாக வந்தது. வருங்கால வைப்பு நிதியை மகள் திருமணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் ஏற்கெனவே எடுத்துவிட்டதால், கையில் இருந்த முதல் இது ஒன்றுதான். ஒருவர் மனை வாங்கச் சொன்னார், ஒருவர் வாழ்நாள் ஓய்வூதியக் காப்பீடு என்றார், ஒருவர் அஞ்சலகம் என்றார், ஒருவர் மியூச்சுவல் ஃபண்ட் என்றார். ஒவ்வொருவரும் 9 லட்சத்தையும் தாம் சொன்ன ஒன்றிலேயே போடச் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒப்பிடுவதற்கு முன்பு வீட்டுக் கணக்கை எழுதிப் பார்த்தோம். மாதச் செலவு 16,000 ரூபாய்; தொழிலாளர் ஓய்வூதியம் 4,000; மாடி வாடகை 8,000. ஆக மாதம் 4,000 ரூபாய் துண்டு விழுகிறது. “மாசா மாசம் கைக்கு வரணும், முதலும் அப்படியே இருக்கணும்” என்றார் மாமா. “திடீர்னு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா எதை உடைப்பீங்க?” என்று கேட்டார் அக்கா. இந்த இரண்டு பேச்சையும் உரைகல்லாக வைத்தே நான்கு வழிகளையும் பார்த்தோம்.

மனையைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஏறக்குறைய 9 சதவீதம் போய்விடுவதால், 9 லட்சத்தில் எட்டேகால் லட்சத்துக்குத்தான் நிலம் கிடைக்கும். அது மாதா மாதம் எதுவும் தராது. மருத்துவச் செலவுக்கு அதிலிருந்து கால் சென்ட்டை மட்டும் பிரித்து விற்கவும் முடியாது. வேறு வருமானம் உள்ளவருக்கு மனை நல்ல முதலீடாக இருக்கலாம். மாமாவுக்கு அது பொருந்தாது.

வாழ்நாள் ஓய்வூதியக் காப்பீட்டின் பலம் வேறெங்கும் கிடைக்காத ஒன்று: இன்று ஒப்புக்கொண்ட தொகை உயிருள்ளவரை மாறாது. ஆனால் இறப்புக்குப் பின் முதலை வாரிசுக்குத் திருப்பித் தரும் வகையில் ஆண்டுக்கு 6.5 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் 4,000 ரூபாய்க்கே ஏறக்குறைய ஏழரை லட்சத்தைப் பூட்டிவிட வேண்டும். எஞ்சும் ஒன்றரை லட்சத்தைக் கொண்டு மற்ற எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டியிருக்கும்.

அஞ்சலகம் என்றவர் மனத்தில் வைத்திருந்த மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்ந்தது. அதை வைத்தே கணக்கிடுகிறேன். அந்த விகிதத்தில் 6 லட்சம் ரூபாய் காலாண்டுக்கு 12,300, அதாவது மாதம் 4,100 ரூபாய் தரும். துண்டு விழும் தொகை அப்படியே அடைபடுகிறது. 60 வயது நிறையாத மாமாவுக்கு இதில் இடமுண்டா என்ற ஐயம் எழுந்தது. 55 வயதைக் கடந்து ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பலன் கைக்கு வந்த 3 மாதத்துக்குள், அந்தப் பலனின் அளவுக்கு மிகாமல் கணக்குத் தொடங்கலாம். அதற்கு ஓய்வு பெற்றதையும் பெற்ற தொகையையும் காட்டும் நிறுவனச் சான்று வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். ‘முதலில் ஓராண்டு வங்கியில் கிடக்கட்டும், பிறகு யோசிப்போம்’ என்று இருந்திருந்தால், மாமா 60 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

அப்படியானால் 9 லட்சத்தையும் அங்கேயே போட்டால் என்ன, மாதம் 6,150 வருமே என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இக்கணக்கில் தேவையான அளவை மட்டும் எடுக்க வழியில்லை. இடையில் பணம் வேண்டுமென்றால் கணக்கையே மூட வேண்டும். முதல் ஆண்டுக்குள் மூடினால் கொடுத்த வட்டியைக் கழித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் போட்ட தொகையில் 1.5 சதவீதமும் அதன் பின் 1 சதவீதமும் பிடிப்பார்கள். பதினான்காம் மாதத்தில் 1 லட்சம் தேவைப்பட்டு 9 லட்சக் கணக்கை மூடினால் 13,500 ரூபாய் போகும். அதைவிடப் பெரிய இழப்பு, 3 மாதக் கெடு முடிந்துவிட்டதால், எஞ்சிய பணத்தை உடனே மீண்டும் போட முடியாமல் போவது.

இன்னொரு குறை 5 ஆண்டு கழித்தே தெரியும். போட்ட நாளின் விகிதம் 5 ஆண்டுக்கு மாறாது. அதற்குப் பிறகு அன்றைய விகிதம்தான். 2015-இல் 9.3 சதவீதத்தில் போட்டவர் 2020 ஏப்ரலுக்குப் பின் புதுப்பித்தபோது 7.4 சதவீதமே கிடைத்தது. 6 லட்சத்துக்கு மாதம் 4,650 வாங்கியவரின் வருமானம் 3,700 ஆனது. அந்த 5 ஆண்டில் விலைவாசியும் ஏறியிருக்கும்; மாமா பெறும் தொழிலாளர் ஓய்வூதியத்துக்கோ அகவிலைப்படி கிடையாது.

இந்தக் குறையை ஈடுகட்டும் வாய்ப்பு, பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டுக்கு உண்டு. ஆனால் முழுத் தொகையையும் அதில் போட்டு மாதம் 4,000 எடுப்பது ஆபத்து. முதல் ஆண்டிலேயே சந்தை 25 சதவீதம் இறங்கினால் 9 லட்சம் 6.75 லட்சமாகும், எடுத்த 48,000 போக ஏறக்குறைய 6.27 லட்சம்தான் மிஞ்சும். அதன் பிறகும் அதே 48,000 எடுப்பது ஆண்டுக்கு ஏழரை சதவீதத்துக்கு மேல் முதலைச் சுரண்டுவதாகும். 2020 ஜனவரியில் 42,000 அளவில் இருந்த சென்செக்ஸ் மார்ச்சில் 26,000-க்குக் கீழே முடிந்தது; அதே ஆண்டு நவம்பரில் மீண்டுவிட்டது. காத்திருக்க முடிந்தவருக்கு இழப்பில்லை. அந்த மார்ச்சில் வீட்டுச் செலவுக்கு விற்றாக வேண்டியிருந்தவருக்கு அந்த இழப்பு நிரந்தரமானது.

கடைசியில் செய்தது இதுதான். 6 லட்சத்தை 3 லட்சம் வீதம் இரண்டாக்கி, அஞ்சலகத்தில் ஒன்றும் வங்கியில் ஒன்றுமாக மூத்த குடிமக்கள் கணக்குகள் தொடங்கினோம்; ஒன்றை மூட நேர்ந்தாலும் மற்றது தொடரும். இரண்டிலும் அக்காவைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தோம். 1.2 லட்சத்தை ஒரே வைப்பாகப் போடாமல் 40,000 வீதம் மூன்று வைப்புத் தொகைகளாக வங்கியில் போட்டதால், மருத்துவமனைக்கு அவசரமாகக் கட்ட ஒன்றை உடைத்தால் போதும். மீதி 1.8 லட்சம் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதம் 15,000 வீதம் 12 மாதங்களில் ஃபண்டுக்குப் போகிறது.

பிரித்து வைப்பதால் பணம் கூடுதலாகப் பெருகும் என்று நான் சொல்லவில்லை. 9 லட்சத்தையும் அஞ்சலகத்தில் போட்டு, மாதம் மிஞ்சும் 2,000 சொச்சத்தைத் தவறாமல் சேமித்து, 5 ஆண்டும் எதையும் உடைக்காமல் இருந்தால், இரு கணக்கும் ஏறத்தாழச் சமமாகவே வந்து நிற்கக்கூடும். உடைக்க நேர்ந்தால்தான் வேறுபாடு தெரியும்; மாமாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அப்படி நேராது என்று வைத்துக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் ஐந்தாம் ஆண்டு முடிவில் 16,000 என்பது 21,400 ஆகும். வாடகை 10,000 ஆனாலும் 7,400 துண்டு விழும்; மூத்த குடிமக்கள் கணக்குகள் தரும் 4,100 போக எஞ்சுவதில் ஒரு பகுதியைத்தான் ஃபண்டில் வளர்ந்த தொகை ஈடுகட்டும். அதை இப்போதே சொன்னதால், பக்கத்து ஆலையில் பகுதி நேரமாக இயந்திரப் பராமரிப்புக்கு வரச் சொல்லி வந்த அழைப்பை மாமா மறுக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.