ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் ஸ்டார்ட்டிங் லோடைக் கேட்காத டீலரிடம் வாங்காதீர்கள்

ஈரோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பராமரிப்பு வேலை என் பொறுப்பு. போன வருடம் புதிதாகக் கட்டிய ஆபரேஷன் தியேட்டர் பகுதிக்கு ஜெனரேட்டர் கேட்டோம். டீலர் லைட், மெஷின், லிஃப்ட், ஏசி எல்லாவற்றையும் கூட்டி 68 கிலோவாட் என்றார். "பவர் ஃபேக்டர் 0.8-ஆல் வகுத்தா 85 கே.வி.ஏ. வருதுங்க, 100 தாராளமாத் தாங்கும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

முதல் தடவை கரண்ட் போனபோதே தெரிந்தது. செட் ஸ்டார்ட் ஆகி லோடு ஏறியதும் பேனலுக்குள் லோடைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டர்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. எல்லாம் விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்தன. உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வென்டிலேட்டரும் மானிட்டரும் யூபிஎஸ்ஸில் இருந்ததால்தான் தப்பித்தோம். அடுத்த சோதனையில் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 415 வோல்ட் ஒரு நொடியில் 280-க்கு இறங்கியது.

காரணம் 30 ஹெச்.பி. ஏசி கம்ப்ரஸர். ஓடும்போது சுமார் 40 ஆம்ப்ஸ்தான் எடுக்கும். ஆனால் அது முழு வோல்ட்டேஜையும் ஒரேயடியாகக் கொடுக்கும் டைரக்ட் ஸ்டார்ட்டரில் இருந்தது. கிளம்பும்போது ஆறு மடங்கு, 240 ஆம்ப்ஸ் இழுத்தது. 100 கே.வி.ஏ. செட்டின் முழு லோடு கரண்டே 139 ஆம்ப்ஸ்தான். போதாததற்கு லிஃப்ட்டும் பம்ப்பும் அதே நொடியில் ஏறின. "என்ன ஸ்டார்ட்டர்?" என்று டீலர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. புகார் சொன்னபோது, "160 வாங்கியிருக்கணுமுங்க" என்றார்!

குறைந்த வோல்ட்டேஜில் கிளப்பிவிடும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் மாற்றினோம், இழுப்பு மூன்றில் ஒரு பங்கானது. டைமர் வைத்து, மற்றவை ஏறி 40 நொடி கழித்துதான் கம்ப்ரஸர் வரும்படி செய்தோம். இப்போது 375-க்குக் கீழே இறங்குவதில்லை.

அப்புறம்தான் நேம் பிளேட்டைச் சரியாகப் படித்தேன். 100 என்பது ஸ்டேண்ட்பை ரேட்டிங், மணிக்கணக்குப் பார்க்காமல் ஓட்டுவதற்கான பிரைம் ரேட்டிங் 91. எப்போதாவது கரண்ட் போனால் ஓட்டத்தான் ஸ்டேண்ட்பை. அதிலும் சராசரி லோடு 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கூடுதல் லோடுக்கும் இடமில்லை. மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு நாளில் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை 85-இல் ஓட்டினால் இன்ஜின் என்னாவது? அன்றைக்கு மட்டும் பாதி ஏசியை நிறுத்தி வைக்கிறோம். கொட்டேஷனில் இரண்டு ரேட்டிங்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

டீசலிலும் அதே கதைதான். "ஒரு நாளுக்குத் தாங்கும்" என்று தந்த டேங்க் 200 லிட்டர். எங்கள் லோடுக்கு மணிக்குச் சுமார் 18 லிட்டர் போகிறது, அடியில் தங்குவது போகப் பத்து மணி நேரம்தான். 24 மணி நேரத்துக்கு 430 லிட்டராவது வேண்டும். தனி டேங்க் வைத்தால் ஒன்று 1000 லிட்டரையும், மொத்தம் 2500 லிட்டரையும் தாண்டாத வரை பெட்ரோலியச் சட்டப்படி சேமிப்பு லைசென்ஸ் தேவையில்லை. சந்தையில் 990 லிட்டர் டேங்க் கிடைப்பது அதனால்தான். நாங்களும் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறோம்.