ரிங் ஸ்லிங், 11 மாதம்: நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல்

உசிலம்பட்டியில் இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, நீ பாப்பாவைக் கட்டிக்கிட்டுத் திரியிறியே, அந்த ரிங் ஸ்லிங்கை இப்ப விலை குறைச்சுப் போட்டிருக்கான். வாங்கவா?" அவள் பிள்ளைக்கு ஐந்து வாரம் ஆகிறது. ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு தோளில் மாட்டி, துணியை இரண்டு வளையத்தில் கோத்து இழுத்து, பிள்ளையை உடம்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் தூக்குத் துணிதான் இந்த ரிங் ஸ்லிங். 11 மாதமாக ஏறக்குறைய தினமும் கட்டுகிறேன். துணி நல்ல பருத்தி, எத்தனை துவைத்தும் சாயம் போகவில்லை, வளையம் இரண்டும் உறுதி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பாப்பாவுக்கு ஏழு வாரம் இருக்கும்போது தடுப்பூசிக்குப் போனோம். கூட்டம். ஸ்லிங்குடன் வந்த சிறு புத்தகத்தின் முதல் படத்தில் இருந்த மாதிரியே, அவளைப் படுக்கை வாட்டில் உள்ளே போட்டிருந்தேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றதும் உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம், குறட்டை மாதிரி. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அசந்து தூங்குது, ஆட்டாதே" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போது பக்கத்தில் வந்த நர்ஸ் அக்கா துணியை விலக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு விரலால் பாப்பாவின் நாடியை மேலே தூக்கினார். சத்தம் நின்றது. விரலை எடுத்தார், தலை தொங்கியது, சத்தம் மறுபடி வந்தது. "இது தூக்கக் குறட்டை இல்லம்மா, நாடி நெஞ்சுல முட்டுது. மூச்சு சிரமப்பட்டுப் போகுது. மொதல்ல வெளியே எடு" என்றார்.

வெளியே எடுத்துத் தோளில் போட்டதும் பாப்பா ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்பதை அன்றைக்கு நர்ஸ் அக்காவிடமும், பிறகு எங்கள் பிள்ளை டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கைக்குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, பின்மண்டை துருத்திக்கொண்டிருக்கும். கழுத்துத் தசைக்கு அந்தத் தலையைத் தூக்கும் வலு இல்லை. முதுகு வளைந்தால் தலை தானாக முன்னால் விழும், நாடி நெஞ்சில் படியும். மூச்சுக்குழலோ மெல்லியது, இளசு. இளநீர் ஸ்ட்ராவை நடுவில் மடக்கினால் எப்படி உறிஞ்ச வராதோ, அப்படிக் காற்றுப் பாதை குறுகிவிடும். இதில் பயங்கரமானது என்னவென்றால், குழந்தை அழாது. அழுவதற்கும் காற்று வேண்டுமே. தாய்க்கு அது நல்ல தூக்கமாகவே தெரியும்.

இன்னொரு வழி, மூக்கு அடைபடுவது. முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். துணியிலோ நம் மார்பிலோ முகம் புதைந்துவிட்டால் தானாகத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஸ்லிங் பற்றி எச்சரிக்கை விட்டபோது, இப்படி அடைபட்டால் ஓரிரு நிமிடத்திலேயே மூச்சு முட்டிவிடும் என்று சொன்னது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் தொடர்பாக அவர்கள் ஆராய்ந்த 14 மரணங்களில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைந்தவர்கள். குறைப்பிரசவம், எடை குறைவு, இரட்டைப் பிள்ளை, சளி இருக்கும் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும், டாக்டரிடம் கேட்காமல் கட்டவே வேண்டாம்.

நம் வீடுகளில் இதை யாரும் சட்டென்று கண்டுபிடிக்காததற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நாமெல்லாம் தூளி பார்த்து வளர்ந்தவர்கள். துணி தொய்ந்து, பிள்ளை உள்ளே சுருண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்தால் நம் கண்ணுக்கு அது சுகமாகத் தெரிகிறது. ஸ்லிங் தூளி மாதிரி தெரிந்தால் தப்பாகக் கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து படுக்கை வாட்டில் போட்டதே இல்லை. நெஞ்சோடு நெஞ்சாக, நிமிர்த்திதான். வளையத்தைத் தோள்பட்டை எலும்புக்குக் கொஞ்சம் மேலேயே வைத்துத் தொடங்குவேன், இழுக்க இழுக்க அது கீழே இறங்கும். பாப்பாவைத் தோள் உயரத்தில் தூக்கி, மெல்லத் துணிக்குள் இறக்கி, கால் இரண்டையும் வெளியே விட்டு, ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை துணி தாங்கும்படி விரிப்பேன். முழங்கால் இடுப்பைவிட மேலே இருக்க வேண்டும், தவளை உட்கார்ந்த மாதிரி. பிறகு ஒரு கையால் அவள் எடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் துணியின் மேல் ஓரத்தைத் தனியாக, நடுவைத் தனியாக, கீழ் ஓரத்தைத் தனியாக இழுப்பேன். மொத்தத் துணியையும் ஒரே பிடியாகப் பிடித்து இழுத்தால் நடு மட்டும் இறுகும், மேல் ஓரம் தொளதொளவென்று நிற்கும். தலை சாய்வது அந்த மேல் ஓரத்தில்தான். துணி கழுத்தின் பின்பக்கம் வரை வந்தால் போதும், தலையை மூடக்கூடாது.

கட்டி முடித்ததும் நான்கு காரியம் பார்ப்பேன், பத்து விநாடிகூட ஆகாது. நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவே என் இரண்டு விரல் நுழைய வேண்டும். துணியை விலக்காமலே மூக்கும் வாயும் தெரிய வேண்டும். கொஞ்சம் குனிந்தால் அவள் நெற்றியில் என் உதடு படவேண்டும், படாவிட்டால் கீழே இருக்கிறாள். கடைசியாக முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக என் பக்கம் அழுத்துவேன். அழுத்தும்போது அவள் உடம்பு நிமிர்ந்து என்னோடு ஒட்டினால், அதுவரை சுருண்டு கிடந்தாள் என்று பொருள். இன்னும் இறுக்க வேண்டும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் இந்த ஸ்லிங் நிற்காது, நழுவும். நம் ஊர் வெயிலில், நானும் வியர்த்து அவளும் வியர்த்து, கால் மணி நேரம் நடந்தால் துணி வளையத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறது. மதுரை விளக்குத்தூணில் துணிக்கடைக்குள் நுழையும்போது நெற்றி எட்டியது, கடையை விட்டு வெளியே வரும்போது எட்டவில்லை. அதைவிட மோசம், பாப்பா தூங்கும் நேரம். விழித்திருக்கும்போது உடம்பு விறைப்பாக இருக்கும், துணி நிறைந்து நிற்கும். தூக்கம் வந்ததும் உடம்பு தளர்ந்து, இல்லாத இடைவெளி வந்துவிடும், முதுகு வளையும், நாடி இறங்கும். கட்டிய உடனே பார்த்தது அப்போது செல்லாது. அவள் கண் மூடியதும் மறுபடி இரண்டு விரல், மறுபடி முத்தம். பால் கொடுக்கக் கீழே இறக்கினால், குடித்து முடித்த கையோடு மேலே தூக்கி இறுக்கியாக வேண்டும். அப்படியே தூங்கட்டும் என்று விட்டால் மூக்கு மார்பில்தான் இருக்கும். இதையெல்லாம் அந்தச் சிறு புத்தகம் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் படுக்கை வாட்டுப் படத்தை மட்டும் அழகாகப் போட்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அக்னி நட்சத்திரத்தில் வேறொரு சிக்கல். வெயில் படாமல் இருக்கட்டும் என்று அத்தை தன் முந்தானையால் அவள் முகத்தை மூடுவார். பாசம்தான், ஆனால் காற்றும் மறையும், முகமும் மறையும். இப்போது குடைதான். என் உடம்புச் சூடும் சேர்வதால் அவளுக்கு ஒரு சட்டை குறைத்தே போடுகிறேன், பின்கழுத்தில் கை வைத்துச் சூடாக, பிசுபிசுப்பாக இருந்தால் உடனே இறக்கிவிடுவேன். கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போவதில்லை. ஸ்கூட்டியில் ஏறுவதே இல்லை, இதில் வீட்டுக்காரரோடு ஒருமுறை சண்டையே வந்தது.

மூக்கு விடைத்து விடைத்து அடங்கினாலோ, முனகினாலோ, உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ துணியைச் சரிசெய்து பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. உடனே வெளியே எடுத்து மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு சரியாக வரவில்லை என்றால் 108.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். ஐந்தாம் மாதம் கழுத்து நன்றாக நின்று, அவளை இடுப்பில் வைத்துக் கட்ட ஆரம்பித்த பிறகு இது வேறு பொருளாகிவிட்டது. சாயங்காலம் தெப்பக்குளம் சுற்றும்போது ஒரு கை எனக்குக் கிடைக்கிறது, இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. அவள் மைய மண்டபத்தைப் பார்த்துக் கை நீட்டுவாள், பொரிகடலைக்காரரைப் பார்த்துச் சிரிப்பாள். அழுது அடங்காத ராத்திரிகளில் என் நெஞ்சுச் சத்தம் கேட்டுத்தான் தூங்கினாள். இந்த 11 மாதத்தில் வாங்கிய எதையும் இந்த அளவுக்கு நான் உபயோகிக்கவில்லை.

ஆனாலும் சித்தி மகளுக்கு நான் சொன்ன பதில், "இப்ப வாங்காதே" என்பதுதான். அவள் வீட்டில் பிள்ளையைத் தூக்க ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருத்தர் உடம்புக்குக் கட்டியதை அப்படியே கழற்றி இன்னொருத்தர் மாட்டிக்கொள்வார்கள், அவருக்கு அது தொளதொளவென்று நிற்கும். ஐந்து வாரப் பிள்ளைக்கு அந்தத் தொய்வு போதும்.

அவள் கேட்கவில்லை, ஆர்டர் போட்டுவிட்டாள். நேற்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று முதல் போட்டோ அனுப்பினாள், நேர் எதிரிலிருந்து. முகம் அழகாகத் தெரிந்தது, நாடி தெரியவில்லை. "பக்கவாட்டுல இருந்து எடுத்து அனுப்பு" என்றேன். இரண்டாவது போட்டோவில் முதுகு வில்லாக வளைந்திருந்தது. மேல் ஓரத்தை இழுக்கச் சொன்னேன். ஐந்தாவது போட்டோவில்தான் அவள் இரண்டு விரலும் உள்ளே இருந்தன.