‘ரப்பர் டைல்’ என்று சொல்லி ஃபோம் விற்கிறார்கள்: வாங்கும் முன் எடையைக் கேளுங்கள்

வீட்டில் எடை தூக்க இடம் ஒதுக்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. “ஜிம் ரப்பர் டைல், 20 மி.மீ. தடிமன், எந்த எடை விழுந்தாலும் தாங்கும், சத்தம் வராது, வாடை கிடையாது” என்ற விளம்பரத்தை நம்பி ஒருவர் 6 சதுர மீட்டருக்கு வாங்கினார். வந்து சேர்ந்தது ஈவிஏ ஃபோம். விவரப் பகுதியின் அடியில் சின்ன எழுத்தில் ‘ரப்பர் ஃபோம்’ என்று இருந்ததைக் காட்டி, திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: கறுப்பு நிறம், பல் பல்லாகக் கோக்கும் விளிம்பு. எடை மட்டும் பொய் சொல்லாது. 50 செ.மீ. சதுரமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு ரப்பர் டைல் ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ இருக்கும். அதே அளவு ஃபோம் அரைக் கிலோவைச் சுற்றித்தான் வரும். 6 சதுர மீட்டருக்கு 24 டைல்; ரப்பர் என்றால் நூறு கிலோவைத் தாண்டும், ஒரே ஆள் தூக்கி வர முடியாது. இவருக்கு வந்த மொத்தப் பொதியும் 13 கிலோ. அடியில் குழி விட்டு வார்த்த ரப்பர் டைலில் எடை கொஞ்சம் குறையலாம், ஆனால் பத்தில் ஒரு பங்காகக் குறையாது. ஆகவே பணம் கட்டும் முன் “ஒரு டைல் எத்தனை கிலோ?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடை வேண்டாம்.

எடை விழும்போதுதான் வித்தியாசம் வலிக்கும். 20 கிலோ தம்பெல் அரை மீட்டர் உயரத்திலிருந்து முனை கீழாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுகிற எடை எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறதோ, அதைப் பொறுத்தே தரை வாங்கும் அடி. தூரம் பாதியானால் அடி இரட்டிப்பாகும். ஃபோம் மெத்தென்று இருப்பதால் வேகத்தைப் பெரிதாகக் குறைக்காமலே முழுவதும் நசுங்கிவிடும். கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் தம்பெல் கிட்டத்தட்ட நேராகவே தரையில் மோதும். கீழே இருக்கும் பீங்கான் டைல் விரிசல் விட்டாலும் மேலே ஒரு பள்ளம்தான் தெரியும். விரிப்பைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் சேதம் புரியும். ஸ்குவாட் செய்யும்போது குதிகால் அமுங்கி ஆடும், பெஞ்சின் கால்கள் விரிப்பைக் கிழிக்கும். தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிக்கும் நீட்டல் பயிற்சிக்கும் ஃபோம் நல்லதுதான். எடைக்கு அடியில் போடக் கூடாது.

அதற்கு வெறும் கான்கிரீட்டே மேலா என்றால், எடையைக் கையில் பிடித்தபடி மெதுவாக இறக்கி வைப்பவருக்கு மேல்தான். கால் ஆடாது, வாடை இல்லை. ஆனால் இரும்புத் தட்டு விழுந்தால் கான்கிரீட்டின் மேல்பூச்சு பெயரும், வார்ப்பிரும்புத் தட்டும் உடையலாம், பார்பெல்லின் முனைக் குழாய்களும் அடி வாங்கும்.

வாடை விஷயத்தில் உண்மையான ரப்பர் விற்பவர்களும் ஏமாற்றுகிறார்கள். பழைய டயரை அரைத்து, பாலியூரித்தேன் பசையால் ஒட்டி அழுத்திய டைல்கள்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. “இரண்டு நாளில் போய்விடும்” என்பார்கள். சின்ன அறையில், சூடு ஏறினால், அது வாரக்கணக்கில் நிற்கும். விரிக்கும் முன் லேசான சோப்புத் தண்ணீரில் இருபுறமும் கழுவி, காற்றோட்டமுள்ள நிழலில் ஒவ்வொன்றாகப் பிரித்து வையுங்கள். அடுக்கி வைத்தால் வாடை வெளியேறாது. பெட்ரோல், தின்னர் பக்கம் போக வேண்டாம், ரப்பரையும் பசையையும் அவை கெடுக்கும். மாதிரித் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, மூடிய அறையில் ஓர் இரவு வைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. வினைல் தரைமேல் ரப்பரை நேராக விரிக்காதீர்கள். மஞ்சள் கறை ஏறும், அது போகாது.

“சத்தம் வராது” என்பதுதான் பெரிய பொய். இரும்பு கணகணக்கும் ஓசையை 20 மி.மீ. ரப்பர் நன்றாகவே அடக்கும். கட்டடத்துக்குள் இறங்கும் ‘தொம்’ என்ற அதிர்வு வேறு. அது தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். டெட்லிஃப்ட் செய்யும் இடத்தில் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துத் திருகி, தட்டு விழும் இரு பக்கமும் ரப்பர் பதித்தால் அடி பரவலாக இறங்கும், தரையும் பிழைக்கும். தரைத்தளத்தில் இது போதும். மாடி வீட்டில் இதைப் போட்டும் எடையைக் கைவிட்டுப் போட முடியாது. கையில் பிடித்தே இறக்க வேண்டும்.