ஒற்றுப்பிழை இல்லாத தாளும் நட்டம் தரும்: விடுதி நடத்துபவர்கள் கவனத்துக்கு

ராமேஸ்வரத்தில் கோயில் பக்கமுள்ள ஒரு சிறு விடுதி. அறையில் மாட்டும் தகவல் தாளை மெய்ப்புப் பார்க்க வெளியே கொடுத்தார்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். கூலி ரூ.1,500. இரண்டே நாளில் "எல்லாம் சரி" என்று திரும்பி வர, 100 பிரதி அடித்து லேமினேட் செய்து மாட்டிவிட்டார்கள். தாளில் சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை. சண்டை மட்டும் தினமும் நடந்தது.

முதல் சண்டை நேரத்தில். தமிழ்ப் பக்கத்தில் "24 மணி நேர செக்-அவுட்" என்று இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. இரண்டும் வேறு வேறு கணக்கு. ராமேஸ்வரத்துக்கு வருபவர்களில் பலர் விடியற்காலையில் இறங்குகிறவர்கள். காலை 5 மணிக்கு அறை எடுத்த குடும்பம் தமிழ்ப் பக்கத்தைப் படித்தால், மறுநாள் காலை 5 வரை அறை தங்களுடையது என்று நினைக்கும். விடுதியின் கணக்கிலோ அன்றைக்குப் பகல் 12 மணிக்கே ஒரு நாள் முடிந்துவிடுகிறது. ஏழே மணி நேரம். ரூ.1,800 அறைக்கு இரண்டு நாள் வாடகை ரூ.3,600 கேட்டால் யார் சும்மா இருப்பார்கள்? வரவேற்பறை 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்பதைத்தான் யாரோ அப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். "எந்த நேரமும் வரலாம். எப்போது வந்தாலும் பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். பகல் 12 மணிக்கு முன் வந்தால் அந்த 12 மணியோடு ஒரு நாள் கணக்கு முடியும்" என்று விடுதியின் உண்மையான வழக்கத்தை எழுதியிருந்தால் போதும். 12 என்ற எண்ணுக்கு முன் பகல், இரவு என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது விதிகள். "இரவு 10 முதல் காலை 6 வரை வாசல் பூட்டப்படும்" என்கிறது மூன்றாவது வரி. அதே தாளின் அடியில், ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு விடியுமுன் கிளம்பச் சொல்லி ஒரு யோசனை! தனித்தனியாகப் படித்தால் இரண்டு வரியிலும் குறையில்லை. சேர்த்துப் படித்தால்தான், பூட்டைத் திறக்க யாரிடம் சொல்வது என்ற கேள்வி வரும்.

விலையில் இரண்டு கோளாறு. "வரி 12 சதவீதம் தனி" என்ற வரி பழசு. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை ரூ.7,500 வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ரூ.1,800 அறைக்கு ரூ.1,890 வாங்க வேண்டிய இடத்தில் தாள் ரூ.2,016 என்கிறது. ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத விடுதி என்றால் அந்த வரியே இருக்கக் கூடாது. இன்னொன்று அச்சகத்தில் நேர்ந்தது. பாமினி எழுத்துருவில் காற்புள்ளி விசையை அழுத்தினால் "இ" விழும். ஆங்கிலப் பக்கத்தில் இருந்த தொகையைப் பாமினியில் இருந்த தமிழ்ப் பக்கத்தில் அப்படியே ஒட்டியதில் அது "1இ800" ஆகிவிட்டது. கோப்பில் மட்டும் மெய்ப்புப் பார்த்தவருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. அச்சுக்குப் போகும் முன் எடுக்கும் கடைசிப் பிரதியை எண்களுக்காக மட்டும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வழி சொல்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். "கோபுரத்தைத் தாண்டி இடதுபக்கம் இரண்டாவது சந்து." எந்தக் கோபுரம்? ரயில் நிலையத்திலிருந்து வருபவர் மேற்கிலிருந்து வருகிறார். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டுத் திரும்புபவர் கிழக்கிலிருந்து வருகிறார். ஒருவருக்கு இடது, மற்றவருக்கு வலது. "மேற்குக் கோபுரத்துக்கு முதுகு காட்டி நின்றால் இடதுகைப் பக்கம்" என்று நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. டீக்கடையை அடையாளமாகக் கொடுக்காதீர்கள், பெயரை மாற்றிவிடுவார்கள். ஊருக்குப் புதியவர் ஒருவர் கையில் தாளைக் கொடுத்து ரயில் நிலையத்திலிருந்து நடக்கவிட்டுப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் நின்று யோசிக்கிறாரோ, அந்த வரிதான் பிழை.

மெய்ப்புக்குக் கொடுக்கும்போது, இரு பக்கத்திலும் உள்ள நேரம், தொகை, வயது, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எதிரெதிரே எழுதி ஒப்பிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். "5 வயதுக்குக் கீழ் இலவசம், 5 வயதுக்கு மேல் ரூ.400" என்ற வரியைப் பார்த்துவிட்டு, சரியாக 5 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்கிறவரே வேலை தெரிந்தவர். ஒரு கேள்வியும் இல்லாமல் தாள் திரும்பி வந்தால், மீதிக் கூலியைக் கொடுக்கும் முன் விடியற்காலை 5 மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்கும் ஆளாக உங்களை நினைத்துக்கொண்டு நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.