டிவியை ஒரு அடி கீழே இறக்கினேன், டியூப்லைட் திரையிலிருந்து போய்விட்டது

சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு ஹாலில் மேற்கே ஒரே ஜன்னல். எதிரே கிழக்குச் சுவரில் 43 இஞ்ச் டிவி. சாயங்காலம் நாலரை மணிக்கு கன்சோலைப் போட்டால் குகை, இருட்டுக் காடு மாதிரி இடங்களில் எதிரி தெரியமாட்டான், ஜன்னல் கம்பிதான் தெரியும். பிரைட்னஸை முழுசாக ஏற்றி ஒரு வருஷம் ஓட்டினேன். ராத்திரி கண் எரிச்சலும் தலைவலியும்தான் மிச்சம்.

அப்புறம்தான் டிவியை அணைத்துவிட்டு, வழக்கமாக விளையாடும் இடத்தில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையைக் கண்ணாடி பார்ப்பது போலப் பார்த்தேன். அதில் எந்த வெளிச்சம் தெரிகிறதோ அதுதான் விளையாடும்போதும் தொந்தரவு. பகலில் ஒருமுறை, லைட் போட்டு ராத்திரி ஒருமுறை பாருங்கள். எனக்குப் பகலில் ஜன்னல், ராத்திரியில் டியூப்லைட்.

ஜன்னலுக்கு வழி சுலபம். டிவியைத் தெற்குச் சுவருக்கு மாற்றியதும் ஜன்னல் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. கனமான திரைச்சீலையும் போட்டேன், ஏனென்றால் வெயில் டைல்ஸ் தரையில் பட்டு மேலே எகிறி வருகிறது.

டியூப்லைட்தான் படுத்தியது. சோபாவுக்குப் பின்னால் வடக்குச் சுவரில், 8 அடி உயரத்தில் இருக்கிறது. திரையிலிருந்து அது 10 அடி தூரம், என் கண் 7 அடி தூரம், கண் உயரம் மூன்றரை அடி. கணக்குப் போட்டால் அதன் பிம்பம் சுவரில் ஏறக்குறைய 5.3 அடி உயரத்தில் விழுகிறது. டிவி மாட்ட வந்தவர் நடுப்பகுதி நாலரை அடியில் வரும்படி மாட்டியிருந்தார், அதனால் திரையின் மேல் விளிம்பு 5.4 அடி. பிம்பம் சரியாக அந்த விளிம்பை ஒட்டி, ஒரு வெள்ளைக் கோடாக உட்கார்ந்திருந்தது. ஸ்டாண்டை ஒரு அடி இறக்கி நடுப்பகுதியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன், மேல் விளிம்பு 4.4 அடிக்கு வந்தது, கோடு போய்விட்டது. கழுத்து வலியும் குறைந்தது. இறக்க முடியாதவர்கள் டிவியின் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கலாம், திரை எவ்வளவு சாய்கிறதோ அதைப்போல இரண்டு மடங்கு பிம்பம் விலகும். ஆனால் அதிகம் சாய்த்தால் தரையின் பளபளப்பு வந்து உட்காரும்.

லைட்டை மொத்தமாக அணைத்தும் பார்த்தேன். பிம்பம் ஒன்றுமில்லை, ஆனால் மூன்று மணி நேரம் போனால் பளிச்சென்ற காட்சி ஒவ்வொன்றும் கண்ணில் குத்துகிறது. இப்போது டிவியின் முதுகில் 6500 கெல்வின் வெள்ளை ஸ்டிரிப் லைட், சுவர் மட்டும் மங்கலாகத் தெரியும் அளவுக்கு. அது திரையைத் தொடுவதில்லை, அதனால் பிம்பமும் இல்லை. கலர் மாறுகிற ஸ்டிரிப் வேண்டாம், சுவர் சிவந்தால் திரையில் நிறம் பச்சையாகத் தோன்றும்.

எட்டு மாதமாக இதே அமைப்பு. நடுவில் உட்காருகிற எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஓரத்தில் உட்காரும் தம்பிக்கு மட்டும் பகலில் ஜன்னல் இன்னும் லேசாகத் தெரிகிறது, அவன் வரும் நாளில் திரைச்சீலையை முழுசாக இழுத்துவிடுகிறேன்.