பாவ்லோவாவுக்கு எந்த மெரிங்கு: பிரெஞ்சு முறையா, சுவிஸ் முறையா?

வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரையாக அடித்த கலவைதான் மெரிங்கு; அதைக் குவித்துச் சுட்டு, மேலே க்ரீமும் பழமும் வைத்துப் பரிமாறும் இனிப்பு பாவ்லோவா. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பாவ்லோவா எங்களுடையது என்று இன்னும் உரிமை கொண்டாடுகின்றன. 1926-ல் இரு நாடுகளுக்கும் ஆட வந்த ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் பெயர்தான் அதற்கு. அந்த வழக்கு ஒருபக்கம் இருக்கட்டும். வீட்டில் செய்பவர் முடிவு செய்யவேண்டியது, சர்க்கரையை வெள்ளைக்கருவில் எப்படிக் கரைப்பது என்பதைத்தான்.

பொருட்கள் இரண்டு முறைக்கும் ஒன்றே: 4 வெள்ளைக்கரு, சுமார் 220 கிராம் சர்க்கரை, கடைசியில் சேர்க்க 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளார், 1 டீஸ்பூன் வினிகர்.

பிரெஞ்சு முறையில் அடுப்பே வேண்டாம். வெள்ளைக்கருவை மென்மையான நுரையாக அடித்து, பொடி சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்க்கவேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். கலவையில் கொஞ்சம் எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள்; நறநறவென்று இருந்தால் சர்க்கரை இன்னும் கரையவில்லை. அப்படியே ஓவனில் வைத்தால், கரையாத சர்க்கரை பாகாக உருகி அடியில் கசியும், மேலே பழுப்பு முத்துகளாகத் துளிர்க்கும். சரியாகக் கரைந்தால் கலவை நன்றாக உப்பி வரும். உள்ளே மார்ஷ்மெல்லோ போன்ற அந்த மெத்தென்ற நடுப்பகுதி தாராளமாகக் கிடைக்கும்.

சுவிஸ் முறையில் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, வெள்ளைக்கருவையும் மொத்தச் சர்க்கரையையும் கிளறிக்கொண்டே 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குவோம். சர்க்கரை முழுக்கக் கரைந்த பிறகுதான் அடிப்பதே. தண்ணீர் தளதளவென்று கொதிக்கவிட்டால் ஓரத்தில் முட்டை வெந்து திரிந்துவிடும், அவ்வளவுதான் ஆபத்து. கிடைப்பது வழவழப்பான, கெட்டியான கலவை. அழகாக வடிவம் நிற்கும், சுட்டபின் மொறுமொறுப்பான மேலோடும் சீராக இருக்கும். ஆனால் பிரெஞ்சு அளவுக்கு உப்பாது. நடுப்பகுதியும் கொஞ்சம் அடர்த்திதான்.

பெரிய ஒற்றை பாவ்லோவாவுக்கு நான் பிரெஞ்சு முறையைத்தான் சொல்வேன், அதன் உயிரே அந்த மென்மைதான். பைப்பிங் பையில் சின்னச் சின்னக் கூடுகளாகப் பிழிவதென்றாலோ, கையில் இருப்பது பெரிய மணிச் சர்க்கரை என்றாலோ சுவிஸ் பக்கம் போங்கள். மிக்ஸியில் சர்க்கரையைப் பொடித்துக்கொண்டால் அந்த இரண்டாவது காரணம் போய்விடும்.

ஓவன் வேலையில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. கலவையைத் தட்டையாகப் பரப்பினால் உள்வரை காய்ந்துவிடும், அதனால் உயரமாகக் குவியுங்கள். 120 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் சுட்டபின் ஓவனை அணைத்து, கதவைத் திறக்காமல் முழுக்க ஆறும்வரை விடவேண்டும். இரவில் சுட்டுக் காலையில் எடுப்பது வசதி. சட்டென்று குளிர்ந்த காற்று பட்டால் மேலோடு வெடித்து நடு அமுங்கும். மெல்லிய விரிசல்கள் எப்படியும் விழும், அவற்றை க்ரீம் மூடிவிடும். ஆனால் க்ரீமையும் கிவி, பேஷன் ஃப்ரூட்டையும் பரிமாறும் நேரத்தில்தான் வைக்கவேண்டும். முன்கூட்டியே வைத்தால் ஈரம் இறங்கி மொறுமொறுப்பு போய்விடும்.